இந்த ஷீட்டை எடுத்துவிட்டால் என்ன மாறும்? கட்டடக்கலை தீசிஸுக்கு டிசைன் ரேஷனேல் எழுதும் வழி

இரண்டாம் ரிவ்யூவில் என் சைட் அனாலிசிஸ் ஷீட்டுகள் மொத்தம் நான்கு. சூரியப் பாதை, காற்று, மண், மரங்கள், போக்குவரத்து, எல்லாம் கலர் கலராக இருந்தன. வந்திருந்த ஜூரர் நான்கையும் பொறுமையாகப் பார்த்தார். அப்புறம் தன் கையிலிருந்த ஃபைலை வைத்து அந்த நான்கையும் மறைத்துக்கொண்டு கேட்டார்: "இந்த ஷீட்டை எல்லாம் எடுத்துட்டா உன் பில்டிங்ல என்னம்மா மாறும்?"

எதுவும் மாறாது. அது எனக்கே தெரிந்தது. மனையைப் பற்றி ஒரு கதை, கட்டடத்தைப் பற்றி வேறு ஒரு கதை, இரண்டையும் ஒரே போர்டில் ஒட்டியிருந்தேன். ரேஷனேல் என்று நான் எழுதி வைத்திருந்த ஒரு பக்கத்தில் "சூழலுக்கு இசைவான", "காலநிலைக்கு ஏற்ற" என்ற சொற்கள் ஏழு முறை வந்தன. எண் ஒன்றுகூட இல்லை.

அடுத்த ஐந்து வாரத்தில் அந்த ஒரு பக்கத்தை எப்படித் திருப்பி எழுதினேன் என்பதைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன். என் தீசிஸ் வேளச்சேரியில், எம்ஆர்டிஎஸ் ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி. மனை கிழக்கு மேற்காக 44 மீட்டர், வடக்கு தெற்காக 62 மீட்டர். சாலை மேற்கே. உங்கள் மனை வேறாக இருக்கும், ஆனால் சென்னைக்குள் இருந்தால் தண்ணீரும் மேற்கு வெயிலும் எப்படியும் வந்து நிற்கும்.

1. முதலில் காகிதங்கள்

எழுத உட்காரும் முன் நான்கு விஷயங்கள் கையில் இருக்க வேண்டும். மனையின் எஃப்எம்பி ஸ்கெட்ச், அல்லது நகர சர்வே நடந்த பகுதி என்றால் டவுன் சர்வே ஸ்கெட்ச். இது eservices.tn.gov.in தளத்தில் மாவட்டம், தாலுகா, சர்வே எண் கொடுத்தால் வரும். சர்வே எண் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரின் பட்டா நகலில் இருக்கும் எண்ணிலிருந்து தேடிப் பிடிக்கலாம். அடுத்தது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019. அதில் உங்கள் சாலை அகலத்துக்கும் கட்டட உயரத்துக்கும் உரிய செட்பேக், எஃப்எஸ்ஐ இருக்கும் பக்கங்கள் மட்டும் போதும். மூன்றாவது, சிஎம்டிஏவின் நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் உங்கள் மனை வரும் பகுதி. நான்காவது, மீனம்பாக்கம் நிலையத்துக்கான மணிவாரியான வானிலைக் கோப்பு. `.epw` என்று முடியும். இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எஃப்எம்பியில் உள்ள எல்லையும் நேரில் நிற்கும் காம்பவுண்டு சுவரும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. என் மனையில் தெற்கு எல்லை சுவரிலிருந்து 1.1 மீட்டர் உள்ளே வந்தது. எதை எடுத்துக்கொண்டீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் ஜூரியில் யாராவது கூகுள் படத்தைத் திறந்து அளந்து பார்ப்பார்கள்.

இன்னொன்று, செட்பேக்கை டிசைன் முடிவு மாதிரி எழுதாதீர்கள். "பக்கத்துக் கட்டடத்துக்கு மரியாதை தந்து 4.5 மீட்டர் விலகி நின்றோம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். விதி கேட்டது, விலகினோம், அவ்வளவுதான். விதி கேட்டதற்கு மேல் நீங்கள் எங்கே விலகினீர்கள் என்பதுதான் உங்கள் முடிவு.

2. நீங்கள் பார்க்காத மாதங்களைத் தேடுங்கள்

தீசிஸ் செமஸ்டர் வழக்கமாக ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. மனைக்கு நாம் நடையாக நடப்பது ஜனவரி, பிப்ரவரியில். சென்னைக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. மழை முடிந்திருக்கும், வெயில் தொடங்கியிருக்காது, காற்று வடகிழக்கிலிருந்து சுகமாக வரும். அந்தச் சுகத்தை அப்படியே எழுதி, வடகிழக்குப் பக்கம் பெரிய ஜன்னல் வைத்துவிடுகிறோம். கட்டடம் கஷ்டப்படப் போவது மே மாத மதியத்திலும் நவம்பர், டிசம்பர் மழையிலும். அந்த இரண்டையும் நாம் நேரில் பார்த்திருக்க மாட்டோம்.

காற்றுக்கு வானிலைக் கோப்பு உதவும். ஆனால் மென்பொருள் முதலில் காட்டும் ஆண்டு முழுவதற்குமான காற்று வரைபடத்தை எடுத்து ஒட்டாதீர்கள். ஜனவரிக் காற்றும் ஜூன் காற்றும் அதில் கலந்து எல்லாத் திசையிலும் கொஞ்சம் கொஞ்சம் என்று ஒரு பூ மாதிரி தெரியும், அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. மே மாதத்தை மட்டும் பிரியுங்கள். அதிலும் முற்பகலைத் தனியாக, மாலை மூன்று முதல் ஆறு வரை தனியாக எடுங்கள். முற்பகலில் மேற்கிலிருந்து அனல் காற்று. கடற்காற்று ஏறிய பிறகு தென்கிழக்கு. சென்னைவாசிக்கு இது புதிதில்லை, "இன்னும் கடல் காத்து வரல" என்று மே மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் ஷீட்டில் அது இரண்டு தனிப் படமாக இருந்தால்தான் மேற்கை மூடி தென்கிழக்கைத் திறந்ததற்குக் காரணம் கிடைக்கும்.

வெயிலில் ஒரு பெரிய பொறி. "வடக்குப் பக்கம் நேரடி வெயில் வராது" என்று பாதி தீசிஸ்களில் இருக்கும். அது கடகரேகைக்கு வடக்கே இருக்கும் ஊர்களின் நண்பகலுக்கான பாடம். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஜூன் 21 அன்று நண்பகலில் அது வடக்குப் பக்கம் ஏறத்தாழ 80 டிகிரி உயரத்தில் இருக்கும். அதாவது நம் ஊரின் மிகச் சூடான வாரங்களில் வடக்குச் சுவருக்கும் வெயில் உண்டு. உயரமான கோணம் என்பதால் நண்பகலில் சின்னச் சஜ்ஜாவே போதும், காலையிலும் மாலையிலும் பக்கவாட்டில் வருவதற்குத்தான் செங்குத்துப் பலகை வேண்டும். இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் ஜூரியில் பாதிக் கேள்வி வராது.

3. தண்ணீர்க் கோட்டை நீங்களே அளந்துவிடுங்கள்

இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். கட்டடத்தை அதிகம் மாற்றியதும் இதுதான்.

"இப்பகுதி வெள்ள அபாயம் உள்ளது, எனவே கட்டடம் உயர்த்தப்பட்டது" என்று எழுதினால் அடுத்த கேள்வி, எவ்வளவு உயர்த்தினீர்கள், ஏன் அவ்வளவு? செய்தித்தாளில் வரும் "இடுப்பளவு தண்ணீர்" பிளிந்த் உயரம் ஆகாது. யாருடைய இடுப்பு, எந்த இடத்தில் நின்றபோது என்ற கேள்வி உண்டு. அதைவிட முக்கியம், சாலையே அப்போதைய உயரத்தில் இப்போது இல்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டு போன தெருக்களில் 2015இல் முழங்காலளவு நின்ற தண்ணீர் இன்று கணுக்காலளவாகத் தெரியும். ஆகவே வாயால் சொன்ன ஆழத்தை எடுக்காதீர்கள், சுவரில் நிற்கும் அடையாளத்தை எடுங்கள். சுவர் நகர்ந்திருக்காது.

நான் மூன்று இடத்தில் கேட்டேன். பக்கத்து வீட்டு அம்மா மீட்டர் பெட்டிக்குக் கீழே இருந்த ஒரு கோட்டைக் காட்டினார். "வெளிச் சுவருக்கெல்லாம் பெயின்ட் அடிச்சாச்சும்மா, இந்தப் பலகைக்குப் பின்னாடி மட்டும் அடிக்கல" என்றார். பலகையைத் தூக்கிப் பார்த்தால் பழுப்பாக, நூல் பிடித்த மாதிரி நேராக ஒரு கோடு. இரண்டாவது, எதிரில் மூடிக் கிடந்த ஒரு கடையின் ஷட்டர். ஒரு உயரத்துக்குக் கீழே மட்டும் துரு. மூன்றாவது, ஒரு பழைய வீட்டின் உள்சுவரில் பூச்சு உதிர்ந்து நின்ற விளிம்பு.

மூன்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர டோட்டல் ஸ்டேஷன் தேவையில்லை. கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் போதும். அரை அங்குல ஒளி ஊடுருவும் டியூப், 15 மீட்டர், உள்ளே தண்ணீர். பக்கத்து சைட்டில் வேலை செய்த மேஸ்திரி அண்ணன் தன் டியூபைத் தந்து, அரை நாள் கூலிக்குக் கூடவே வந்தார். ஒரு முனையை அவர் கோட்டில் பிடித்தார், மறுமுனையை நான் சாலை நடுவில் நட்ட குச்சியில் பிடித்தேன். முதல் அளவு 20 சென்டிமீட்டர் தப்பாக வந்தது. டியூபின் நடுவில் ஒரு காற்றுக் குமிழ். "டியூபை நீட்டிப் படுக்க வச்சு, தண்ணிய நல்லா ஓட விட்டு, ரெண்டு முனையையும் பக்கத்துல வச்சு ஒரே மட்டமான்னு பார்த்துட்டு அப்புறம் அளக்கணும்" என்றார். ஒவ்வொரு முறையும் அப்படிச் சரிபார்த்துவிட்டு அளந்தோம்.

சாலை நடுவை 0.00 என்று வைத்தால் மீட்டர் பெட்டிக் கோடு 0.93 மீட்டர். ஷட்டர் 0.97. பூச்சு உதிர்ந்த விளிம்பு மட்டும் 1.40. தேங்கிய தண்ணீரின் மேற்பரப்பு மட்டமாகத்தான் இருக்கும், அடுத்தடுத்த வீடுகளில் அரை மீட்டர் வித்தியாசம் வர வழியில்லை. எனவே மூன்றில் ஒன்று பொய். பூச்சுதான் பொய். செங்கல் சுவர் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும், அதனால் ஈரம் ஏறிய விளிம்பு உண்மையான தண்ணீர் மட்டத்துக்கு மேலேதான் நிற்கும். இரும்பிலும், படிவு ஒட்டிய கோட்டிலும் இந்தக் குழப்பம் குறைவு. 1.40ஐ விட்டுவிட்டு, வெள்ள மட்டம் 0.95 என்று எடுத்தேன். விட்டதையும் காரணத்தையும் ஷீட்டில் சின்ன எழுத்தில் போட்டேன். ஜூரியில் அதிக நேரம் நின்று படித்தது அந்தச் சின்ன எழுத்தைத்தான்.

அன்றே மனைக்குள்ளும் டியூபை இழுத்தோம். மனை சராசரியாகச் சாலைக்கு 0.30 மீட்டர் கீழே, தென்கிழக்கு மூலை 0.65 மீட்டர் கீழே. சாலை மறுபடி உயரலாம் என்பதால், இந்த மட்டங்களை ரயில் பாதைத் தூணின் பீடத்தோடும் ஒரு முறை கட்டிவைத்தோம்.

4. கண்டதில் பெரும்பகுதியை ஓரமாக வையுங்கள்

இப்போது எல்லாக் கண்டுபிடிப்புகளையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். எனக்கு 23 வந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே கேள்வி: இது பொய்யாக இருந்திருந்தால் என் பிளானில் எந்தக் கோடு நகர்ந்திருக்கும்? கோட்டைக் காட்ட முடியாவிட்டால் அது ரேஷனேலுக்கு வேண்டாம், பின்னிணைப்பில் போகட்டும். எனக்கு ஐந்துதான் மிஞ்சியது.

ரயில் சத்தத்தை மூன்று நாள் அளந்திருந்தேன், அதுவும் அடிபட்டது. அறைகள் வேறு காரணத்தால் ஏற்கெனவே தூரம் போய்விட்டன, சத்தம் எதையும் நகர்த்தவில்லை. மனசு கேட்காது, ஆனாலும் அடித்துவிடுங்கள்.

5. ஒரு சங்கிலியை முழுதாகக் கட்டுங்கள்

மிஞ்சிய ஒவ்வொன்றுக்கும் ஐந்து கண்ணி வேண்டும். கண்டது, அதனால் வரும் சிக்கல், பார்த்த மாற்று வழிகள், எடுத்த முடிவும் அதற்காக இழந்ததும், அதைப் பார்க்கக்கூடிய டிராயிங் எண். பெரும்பாலான ரேஷனேலில் முதலாவதும் நான்காவதும்தான் இருக்கும், நடுவில் "எனவே" என்ற சொல் பாலமாகக் கிடக்கும். அந்த "எனவே"க்குள் என்ன நடந்தது என்பதைத்தான் ஜூரர் கேட்கிறார்.

தண்ணீர்ச் சங்கிலியை எடுத்துக்கொள்வோம். வெள்ள மட்டம் 0.95. கால் மீட்டர் கூடுதல் வைத்துத் தரைத்தளம் சாலைக்கு மேலே 1.20. இதை எட்ட இரண்டு வழி. முதல் வழி, மொத்த மனையையும் மண்ணடித்து உயர்த்துவது. 2,728 சதுர மீட்டர், சராசரியாக 1.50 மீட்டர் நிரப்ப வேண்டும். 4,092 கன மீட்டர் மண். மூன்று யூனிட் டிப்பரில் ஏறத்தாழ 8.5 கன மீட்டர் வரும் என்றால் 480 லோடு. செலவு ஒருபுறம் இருக்கட்டும், என் மனையில் நின்ற தண்ணீர் எங்கே போகும்? மீட்டர் பெட்டியைக் காட்டிய அந்த அம்மா வீட்டுக்குத்தான். இரண்டாம் வழி, கட்டடம் நிற்கும் இடத்தை மட்டும் 1.20க்கு உயர்த்தி, தாழ்ந்த மூலையைத் தாழ்ந்தே விடுவது. இதைத்தான் எடுத்தேன்.

எடுத்ததுமே ஃபார்ம் நகர ஆரம்பித்தது. 1.20 உயரத்துக்கு 1:12 சாய்வில் ராம்ப் 14.4 மீட்டர், நடுவில் ஒரு லேண்டிங் 1.5 மீட்டர், ஆக 16 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சாலைப் பக்கம் எனக்கு இருப்பது 4.5 மீட்டர் செட்பேக். ராம்ப் அங்கே நேராக நுழைய முடியாது. இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே 10 மீட்டர் அகல முற்றம் இருந்தது, ராம்ப் அதற்குள் போனது. அதோடு நுழைவாயிலும் சாலையை விட்டு முற்றத்துக்குள் திரும்பிவிட்டது. ராம்ப் முடியும் இடத்தில் சாப்பாட்டுக் கூடம் வந்தது, மாலையில் வேலை முடிந்து வரும் பெண்கள் எல்லாரும் அதைக் கடந்துதான் அறைக்குப் போகிறார்கள். இதை நான் முதலில் யோசிக்கவே இல்லை. மீட்டர் பெட்டிக் கோடு முடிவு செய்தது.

இதே சங்கிலி ரேஷனேல் பக்கத்தில் இப்படி அமைந்தது:

> "2015 வெள்ள மட்டம் மனைக்கு அருகே இரண்டு இடங்களில் அளக்கப்பட்டது: இன்றைய சாலை நடுவுக்கு மேல் 0.95 மீ (ஷீட் 3). மனை முழுவதையும் உயர்த்த 4,000 கன மீட்டருக்கு மேல் மண் தேவை, தண்ணீர் வடக்கு வீடுகளுக்குத் தள்ளப்படும். எனவே கட்டடத் தரை மட்டும் +1.20 மீ, தென்கிழக்கு மூலை −0.65 மீட்டரிலேயே விடப்பட்டது. இந்த உயரத்துக்கான ராம்ப் சாலைப்பக்கச் செட்பேக்கில் அடங்காததால் நுழைவு தெற்கு முற்றத்தின் வழியாக (ஷீட் 7, வெட்டுத்தோற்றம் அ-அ). சாலையிலிருந்து வாசல் நேராகத் தெரியாது. அதை ஈடுகட்ட முற்றத்தின் வாயில் இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்துள்ளது."

அறுபது சொல் சொச்சம். இதற்கு முன் நான் எழுதியிருந்தது: "நீரோடு உரையாடும் கட்டடம்." எதற்கும் பதில் சொல்லாத வாக்கியம் அது.

கல்லூரியில் ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டும் என்றாலும், முதல் வரைவைத் தமிழில் எழுதிப் பாருங்கள். மேஸ்திரியிடம் சொல்வதுபோல். ஆங்கிலத்தில் அலங்காரச் சொற்கள் கைக்கு எளிதாக வந்துவிடும். "ஏன் அண்ணா இங்க ராம்ப் வருது தெரியுமா" என்று தொடங்கினால் காரணம் இல்லாமல் வாக்கியத்தை முடிக்கவே முடியாது.

6. இரண்டு காரணம் தாங்கும் முடிவைத் தேடுங்கள்

சாலை மேற்கே, மனை வடக்கு தெற்காக நீளம். எதுவும் யோசிக்காமல் போட்டால் சாலையோரம் 50 மீட்டர் நீளத்தில் ஒரு பிளாக், பாதி அறைகள் மேற்கு பார்த்து. மே மாதம் மாலை நான்கு மணிக்குச் சென்னைச் சூரியன் ஏறத்தாழ 33 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட நேர் மேற்கில் இருக்கும். 1.2 மீட்டர் உயர ஜன்னலை அதிலிருந்து காக்க ஒன்றே முக்கால் மீட்டர் சஜ்ஜா வேண்டும். அதே ஜன்னல் தெற்கு பார்த்திருந்தால் 60 சென்டிமீட்டர் சஜ்ஜா பிப்ரவரி நடுவிலிருந்து அக்டோபர் கடைசிவரை நண்பகல் வெயிலை முழுதாக மறைத்துவிடும். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு வாதம் தேவையில்லை. பிளாக் மூன்று விரலாகப் பிரிந்து கிழக்கு மேற்காகத் திரும்பியது. ஒவ்வொன்றும் 30 மீட்டர். படிக்கட்டு, குளியலறை, துணி காயப்போடும் இடம் எல்லாம் மேற்குப் பக்கம் சாலையோரமாக ஒரு முதுகெலும்பு மாதிரி நின்று வெயிலை வாங்கிக்கொண்டன. துணி சீக்கிரம் காயும், அது ஒரு கொசுறு.

அப்புறம்தான் நல்ல விஷயம் நடந்தது. தெற்கு விரலின் கிழக்கு முனை, தாழ்ந்து கிடக்கும் தென்கிழக்கு மூலைக்கு மேலே வந்தது. அங்கே பிளிந்த் கட்டினால் 1.85 மீட்டர் உயரம். அதே மூலை வழியாகத்தான் மாலைக் கடற்காற்று வருகிறது. விரலை 30இலிருந்து 22 மீட்டராக வெட்டினேன். தண்ணீருக்கும் இடம், காற்றுக்கும் வாசல். ஒரே வெட்டு, இரண்டு கண்டுபிடிப்பு. உங்கள் ரேஷனேலின் நடுவில் வைக்க வேண்டியது இப்படி ஒரு முடிவைத்தான், ஏனென்றால் ஒரு காரணத்தை யாராவது தட்டிவிட்டாலும் இன்னொன்று தாங்கும்.

வெட்டியதில் தளத்துக்கு இரண்டு அறை வீதம் மூன்று தளத்தில் ஆறு அறை போயின. அவற்றை வடக்கு விரலின் மேல் ஒரு தளமாக ஏற்றினேன். தெற்கு விரலை உயர்த்தியிருந்தால் மற்ற இரண்டுக்கும் காற்று மறைந்திருக்கும். மூன்று விரல் என்பதால் படிக்கட்டும் மூன்று ஆனது, ஒரே பிளாக்கில் இரண்டு போதும். வடக்கு முற்றத்தின் மேற்கு வாயை முதுகெலும்பு அடைப்பதால் அங்கே காற்று தேங்கும். படிக்கட்டுச் சுவரைத் துளை வைத்த ஜாலிச் சுவராக மாற்றியும் தெற்கு முற்றம் அளவுக்கு வராது. இதெல்லாவற்றையும் எழுதினேன். நீங்களே சொல்லிவிட்ட குறையைப் பற்றி ஜூரர் கேட்பது குறைவு, கேட்டாலும் பதில் கையில் இருக்கும்.

7. மனையிலிருந்து வராததை மனைமேல் போடாதீர்கள்

என் முற்றங்களின் தூண்கள் வட்டமாக இருந்தன. ஏன்? எனக்குப் பிடிக்கும். "காற்று வழுக்கிப் போக" என்று முதலில் எழுதியிருந்தேன், என் கைடு அதை அடித்துவிட்டார். சிரித்துக்கொண்டேதான் அடித்தார். கடைசிப் பத்தியில் மூன்று வரி ஒதுக்கி, தூண் வடிவமும் செங்கல் நிறமும் என் தேர்வு, அறையின் அளவு விடுதியின் தேவையிலிருந்து வந்தது என்று நேராக எழுதிவிட்டேன். முதலில் ஃபார்ம் வரைந்துவிட்டு அப்புறம் மனையிலிருந்து காரணம் தேடுவது எல்லாரும் செய்வதுதான், நானும் செய்தேன். அப்படி வந்த காரணம் உண்மையா என்று பார்க்க ஒரு வழி: கட்டடத்தை மனதில் தூக்கிக்கொண்டுபோய்த் தாம்பரத்தில் மேட்டு நிலத்தில் வையுங்கள். அங்கேயும் அந்த முடிவு அப்படியே நிற்கிறது என்றால் வேளச்சேரி அதற்குக் காரணம் இல்லை.

8. நேரமும் பணமும்

ஆவணங்களுக்கு ஒரு வாரம் வையுங்கள். மட்டம் அளக்க ஒரு நாள், ஆனால் அடையாளம் தேடி வீடு வீடாகக் கேட்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேண்டும், மற்ற நாளில் ஆள் இருக்க மாட்டார்கள். ரேஷனேலின் முதல் வரைவை இரண்டாம் ரிவ்யூவுக்கு முன்பே எழுதுங்கள். பிளான் முடிந்த பிறகு எழுதினால் ஓட்டையைக் கண்டுபிடித்தாலும் அடைக்க நேரமிருக்காது. எனக்கு ரிவ்யூவுக்குப் பின்தான் புத்தி வந்தது, அதனால் ஐந்து வாரத்தில் பிளானை இரண்டு முறை திரும்ப வரைந்தேன்.

மனை வேலைக்கு மட்டும் எனக்கு ஆனது சுமார் 2,300 ரூபாய். அதில் பாதிக்கு மேல் மேஸ்திரி அண்ணனின் கூலி, மீதி ஆட்டோவும் டீயும். பிரிண்ட் செலவு தனி, அது கடைக்குக் கடை மாறும். ஏ1 கலர் அடிக்கும் முன் ஏ3இல் கறுப்பு வெள்ளையாக ஒரு செட் எடுத்து, ரேஷனேலில் உள்ள ஒவ்வொரு ஷீட் எண்ணையும் விரல் வைத்துச் சரிபாருங்கள். கடைசி வாரத்தில் நடுவில் ஒரு ஷீட் சேர்த்தால் எல்லா எண்ணும் ஒன்று தள்ளிப்போகும். எனக்குத் தள்ளிப்போனது. ராத்திரி பதினொன்றரைக்குப் பிரிண்ட் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நின்றார், நான் அவர் கம்ப்யூட்டரில் "ஷீட் 7"ஐ "ஷீட் 8" ஆக்கிக்கொண்டிருந்தேன். வெட்டுத்தோற்றம் அ-அ மட்டும் கண்ணில் படாமல் தப்பிவிட்டது. ஜூரியில் முதலில் கேட்டது அதைத்தான்.